21 ஸ்லைடு மாநாட்டு உரையை ஒரே பத்தி ஆய்வுச் சுருக்கமாக்குவது: முறையும் முடிவும் நழுவாமல் எப்படி?

செவ்வந்தி

மாநாட்டுத் தொகுப்பில் சேர்ப்பதற்காக ஓர் உரையின் ஸ்லைடுகளை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். முழுக் கட்டுரை இன்னும் எழுதப்படவில்லை. 250 சொல்லுக்குள் ஒரே பத்தியாக ஆய்வுச் சுருக்கம் வேண்டும். எழுதிவிட்டேன், ஆனால் படித்தால் விளம்பரம் போல இருக்கிறது. எங்கே தவறு என்று பிடிபடவில்லை.

இங்கே போடுவதற்காக ஆய்வின் எண்களையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். ஆனால் சிக்கலின் வடிவம் அதேதான். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் குறுஞ்செய்தி அனுப்பினால் பலன் உண்டா என்பதுதான் ஆய்வு. ஸ்லைடு 2 முதல் 5 வரை பின்னணி. 6, 7, 8 ஆய்வு முறை. 9, 10 பங்கேற்பாளர்களின் தொடக்க நிலை. 11 இரத்த அழுத்த வரைபடம், 12 மாத்திரை ஒழுங்கு, 14 வயதுவாரி முடிவு, 16 முடிவுரை. 17-இல் 'நன்றி'. அதற்குப் பின்னும் நான்கு ஸ்லைடுகள் இருக்கின்றன, அவற்றை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

என் வரைவு:

> உயர் இரத்த அழுத்தம் உலகளவில் முக்கியமான சுகாதாரப் பிரச்சினை. மாத்திரைகளைத் தவறாமல் எடுத்துக்கொள்வது பலருக்கும் சவாலாக உள்ளது. இந்த ஆய்வில் 412 பேரிடம் குறுஞ்செய்தி நினைவூட்டலின் பயன் ஆராயப்பட்டது. இரத்த அழுத்தம் கணிசமாகக் குறைந்தது. மாத்திரை ஒழுங்கு 21% உயர்ந்தது. 60 வயதுக்கு மேற்பட்டோரிடம் பலன் அதிகமாக இருந்தது. குறுஞ்செய்தி நினைவூட்டல் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் எளிய, செலவு குறைந்த வழி.

வேகநடை

இதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. முடிவுரை ஸ்லைடை முதலில் எடுங்கள், அதுதான் ஆசிரியர் சொல்ல வந்தது. அதற்கு மேலே பின்னணிக்கு ஒரு வரி, முறைக்கு இரண்டு வரி. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு வாக்கியம் என்று போனால் நீளம் தாண்டிவிடும், எனவே பின்னணி நான்கு ஸ்லைடையும் ஒரே வரியாக்குங்கள். வரைபடத்திலிருந்து எண் எடுக்க வேண்டியதில்லை. 'கணிசமாக' என்பதற்குப் பின்னால் p < 0.05 என்று போட்டால் போதும்.

பதிப்புமேசை

பின்னணியை ஒரு வரியாக்கச் சொன்னது சரி. உரையில் கேட்பவரை உள்ளே இழுக்க நான்கு ஸ்லைடு தேவைப்படும். சுருக்கத்தைத் தேடி வருபவர் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறார். ஆனால் முடிவுரை ஸ்லைடிலிருந்து தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்லைடுகளிலேயே தரவிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பது அதுதான். மேடையில் பதினைந்து நிமிடம் முடிகிற நேரத்தில் சொல்வதற்காக எழுதியது அது. நிபந்தனைகளெல்லாம் உதிர்ந்து வாக்கியம் மட்டும் நிற்கும்.

நான் பரிந்துரைக்கும் வரிசை வேறு. முதலில் பங்கேற்பாளர் எண்ணிக்கை உள்ள ஸ்லைடு, அதாவது எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் கடைசிவரை இருந்தார்கள் என்கிற பாய்வுப் படம். அடுத்து முறை ஸ்லைடில் 'முதன்மை விளைவு' என்று எதைக் குறித்திருக்கிறார்கள் என்பது. மூன்றாவதாக, அந்த முதன்மை விளைவின் முடிவு எந்த ஸ்லைடில் இருக்கிறது என்பது. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகு முடிவுரையைத் திறந்தால், அது எங்கே தரவைத் தாண்டிப் பேசுகிறது என்று தானாகத் தெரியும்.

உங்கள் வரைவில் என்ன இல்லை என்று பாருங்கள். யாரோடு யாரை ஒப்பிட்டார்கள் என்று இல்லை. எத்தனை வாரம் என்று இல்லை. இரத்த அழுத்தம் எவ்வளவு குறைந்தது என்றும் இல்லை. 'குறைந்தது' என்றால் தொடக்கத்தைவிடவா, மற்றக் குழுவைவிடவா? இரண்டும் வெவ்வேறு கூற்று. ஸ்லைடு 6, 7, 8, 11, 12, 14 ஆகியவற்றில் இருப்பதை அப்படியே இங்கே போட முடியுமா?

செவ்வந்தி

போடுகிறேன்.

ஸ்லைடு 6: சமவாய்ப்பு முறையில் பிரித்த இரு குழு ஆய்வு, 12 வாரம். முதன்மை விளைவு: 12-ஆம் வாரத்தில் சிஸ்டாலிக் அழுத்தத்தில் ஏற்பட்ட மாற்றம். அளந்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது.
ஸ்லைடு 7: 412 பேர், குழுவுக்கு 206. முடித்தவர்கள் குறுஞ்செய்திக் குழுவில் 187, வழக்கமான சிகிச்சைக் குழுவில் 174.
ஸ்லைடு 8: நாளுக்கு ஒரு குறுஞ்செய்தி, மாத்திரை நேரத்தில்.
ஸ்லைடு 11: பட்டை வரைபடம், தலைப்பு 'அழுத்தம் பெருமளவு குறைந்தது'. மாற்றம் −9.1, −5.9 மி.மீ. பாதரசம். வேறுபாடு −3.2, 95% நம்பிக்கை இடைவெளி −5.8 முதல் −0.6 வரை, p = 0.016.
ஸ்லைடு 12: தலைப்பு 'மாத்திரை ஒழுங்கு 21% உயர்வு'. கீழே சிறிய எழுத்தில் 62% எதிர் 51%.
ஸ்லைடு 14: 60 வயதுக்கு மேல் வேறுபாடு −5.4, p = 0.04.

62-ஐ 51-ஆல் வகுத்தால் 1.2157 வருகிறது, அதாவது 22%. அவர்கள் 21 என்கிறார்கள். இதுவே எனக்குக் குழப்பம்.

மணற்கடிகை

எனக்கும் இதே கேள்விதான். ஆனால் என் ஆய்வு நேர்காணல் அடிப்படையிலானது. 24 பேரிடம் பேசி நான்கு கருப்பொருள்கள் எடுத்திருக்கிறேன். 250 சொல் சுருக்கத்தை எப்படி பத்து ஸ்லைடாக விரிப்பது? ஒரு கருப்பொருளுக்கு எத்தனை ஸ்லைடு ஒதுக்கலாம்?

பதிப்புமேசை

மணற்கடிகை, இங்கே பேசுவது எதிர்த் திசை: ஸ்லைடிலிருந்து சுருக்கத்துக்கு. உங்கள் கேள்விக்குத் தனி இழை தொடங்கினால் நல்ல பதில் கிடைக்கும். உங்கள் வகை ஆய்வைச் சுருக்கும்போது மட்டும் ஒன்று சொல்கிறேன். எண் இல்லை என்பதால் முறையை 'நேர்காணல் நடத்தப்பட்டது' என்று முடித்துவிடக் கூடாது. யாரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், பகுப்பாய்வை எத்தனை பேர் செய்தார்கள் என்பது சுருக்கத்தில் வந்தே ஆக வேண்டும். கருப்பொருளின் பெயரை மட்டும் எழுதாமல் அது என்ன சொல்கிறது என்பதை எழுதுங்கள். 'நம்பிக்கை குறித்த கருப்பொருள்' என்பது முடிவு அல்ல. 'மாத்திரையை நிறுத்தியதை மருத்துவரிடம் சொல்லத் தயங்கினர்' என்பதுதான் முடிவு.

செவ்வந்திக்கு. 21 அல்லது 22 என்ற குழப்பம் பெரும்பாலும் தசமத்தை முழுமையாக்கியதால் வருவது. முடித்தவர்களில் 116 பேர், 89 பேர் என்று வைத்துக்கொண்டால் 187-இல் 116 என்பது 62.0%, 174-இல் 89 என்பது 51.1%. முழுமையாக்காமல் வகுத்தால் 1.213, அதாவது 21%. முழுமையாக்கிய எண்ணை நீங்கள் மறுபடி வகுக்கும்போது 22 ஆகிவிடுகிறது. ஸ்லைடில் இருக்கும் சதவீதங்களை வைத்துப் புதிய எண் கணக்கிட்டுச் சுருக்கத்தில் போடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் அந்த 21%-இலேயே இருக்கிறது. 51-லிருந்து 62-க்குப் போனது 11 சதவீதப் புள்ளி. 21% என்பது விகித உயர்வு. சுருக்கத்தில் '21% உயர்ந்தது' என்று மட்டும் படிப்பவர் 51 என்பது 72 ஆனது என்று எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. '62% எதிர் 51%' என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். சொல் எண்ணிக்கையும் கூடாது, யாரும் தவறாகப் படிக்கவும் முடியாது.

வேகநடை

சரி, சதவீதத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் ஸ்லைடு 11-இல் பெரிய வேறுபாடு தெரிகிறதே? −9.1 என்பது நல்ல குறைவு. அதைத்தான் எழுத வேண்டும், −3.2 என்று எழுதினால் ஆய்வின் பலனே தெரியாது.

கூர்முனை

−9.1 குறுஞ்செய்தியின் பலன் இல்லை. குறுஞ்செய்தி பெறாதவர்களுக்கும் 5.9 குறைந்திருக்கிறது. ஆய்வில் சேர்ந்தாலே கவனிப்பு கூடும். அதோடு, அழுத்தம் அதிகமாக இருந்த நாளில் சேர்க்கப்பட்டவருக்கு அடுத்த முறை அளக்கையில் கொஞ்சம் குறைவாக வருவது இயல்பு. அதையெல்லாம் கழித்துவிடத்தான் ஒப்பீட்டுக் குழு வைக்கிறார்கள். எனவே கண்டறிந்தது −3.2 தான். இடைவெளியையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் −0.6 என்கிற முனை மிகச் சிறிய பலனையும் அனுமதிக்கிறது. p < 0.05 என்று மட்டும் எழுதினால் அந்தத் தகவல் காணாமல் போகும்.

வரைபடத்தின் செங்குத்து அச்சு எங்கே தொடங்குகிறது என்றும் பாருங்கள். 130-இல் தொடங்கினால் 3 மி.மீ. வேறுபாடு மலை போலத் தெரியும். ஸ்லைடு தலைப்பில் உள்ள 'பெருமளவு' அந்தப் படத்தைப் பார்த்து எழுதியதாக இருக்கலாம். ஸ்லைடு தலைப்பை அப்படியே சுருக்கத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

அப்புறம், பேச்சாளர் குறிப்புகளைப் படித்தீர்களா? 17-க்குப் பின்னால் உள்ள ஸ்லைடுகளை ஏன் விட்டீர்கள்? கேள்வி வந்தால் காட்டுவதற்கு வைத்திருப்பவை அவை. சங்கடமான உண்மைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நூல்கண்டு

கோப்பு .pptx ஆக இருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. `python-pptx` நிறுவிவிட்டு இதை ஓட்டினால் ஸ்லைடு எழுத்து, குறிப்புகள், மறைத்து வைத்த ஸ்லைடு எல்லாம் வந்துவிடும்:

```python
from pptx import Presentation
p = Presentation("deck.pptx")
for i, s in enumerate(p.slides, 1):
    hidden = s._element.get("show") in ("0", "false")
    print(i, "HIDDEN" if hidden else "")
    for sh in s.shapes:
        if sh.has_text_frame:
            print("  ", sh.text_frame.text)
        if sh.has_chart:
            for ser in sh.chart.plots[0].series:
                print("  ", ser.name, list(ser.values))
    if s.has_notes_slide:
        print("  NOTES:", s.notes_slide.notes_text_frame.text)
```

வரைபடம் பவர்பாயிண்டிலேயே வரைந்ததாக இருந்தால் அதன் உண்மையான எண்கள் வந்துவிடும், பட்டையின் உயரத்தைக் கண்ணால் அளக்க வேண்டியதில்லை. படமாக ஒட்டியிருந்தால் எதுவும் வராது. அட்டவணைக்குள் இருக்கும் எழுத்தும், ஒன்றாகக் குழுவாக்கிய பெட்டிகளுக்குள் இருக்கும் எழுத்தும் இதில் வராது. அவற்றைக் கையால்தான் பார்க்க வேண்டும். பிடிஎஃப் மட்டும் அனுப்பியிருந்தால் குறிப்புகள் பெரும்பாலும் போயிருக்கும், மூலக் கோப்பைக் கேளுங்கள்.

செவ்வந்தி

மிக்க நன்றி, நூல்கண்டு. ஓட்டியதும் இரண்டு விஷயம் கிடைத்தது.

ஸ்லைடு 14-இன் குறிப்பு: 'இது பின்னால் பார்த்தது, கேட்டால் சொல்லவும்.'

ஸ்லைடு 19, மறைத்து வைத்தது: 'விடுபட்ட மதிப்புகளை மதிப்பிட்டு நிரப்பி, 412 பேரையும் சேர்த்த பகுப்பாய்வு: வேறுபாடு −2.6 (−5.3 முதல் 0.1 வரை)'.

ஆக ஸ்லைடு 11-இல் உள்ள −3.2 முடித்த 361 பேரை மட்டும் வைத்துச் செய்ததா? நான் வரைவில் 412 என்று எழுதிவிட்டு, கீழே 361 பேரின் முடிவைச் சொல்லியிருக்கிறேன்!

கூர்முனை

ஆம். ஸ்லைடிலிருந்து எழுதும் சுருக்கங்களில் அதிகம் வரும் பிழை இது. மேலே ஒரு எண்ணிக்கை, கீழே வேறொரு எண்ணிக்கையின் முடிவு. ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் 'எத்தனை பேரில்' என்று எழுதிப் பார்த்தால் உடனே சிக்கும்.

இங்கே அது சின்ன விஷயமும் இல்லை. ஒரு குழுவில் 19 பேர் விலகினார்கள், மற்றதில் 32 பேர். அதாவது 9%, 16%. விலகல் சமமாக இல்லை. மாத்திரை ஒழுங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்புமேசை சொன்ன 116, 89 என்ற எண்கள் சரியென்று வைத்துக்கொண்டு, விலகியவர்கள் மாத்திரை எடுக்கவில்லை என்று கொண்டால் 206-இல் 116, 206-இல் 89, அதாவது 56%, 43%. வேறுபாடு 11 புள்ளியிலிருந்து 13 ஆகக் கூடுகிறது. இரத்த அழுத்தத்திலோ எல்லோரையும் சேர்த்தால் வேறுபாடு குறைகிறது. ஒரே விலகல், இரண்டு முடிவுகளை இரண்டு திசையில் இழுக்கிறது. எனவே எந்தப் பகுப்பாய்வு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுத முடியாது.

ஸ்லைடு 14-ஐ 'பின்னால் பார்த்தது' என்று ஆசிரியரே சொல்லிவிட்டார். அதை முடிவாக எழுதக் கூடாது. வெளியே விடுவதே நல்லது. எழுதியே ஆக வேண்டுமென்றால் திட்டமிடாத பகுப்பாய்வு என்ற சொல்லோடு மட்டும்.

பதிப்புமேசை

இப்போது எழுதிப் பார்க்கலாம். சமவாய்ப்பு ஆய்வுகளின் சுருக்கத்துக்கு 2008-இல் வெளியான கன்சார்ட் வழிகாட்டுதல் என்னென்ன வேண்டும் என்று சொல்கிறது: ஆய்வின் வடிவம், பங்கேற்றவர், தலையீடு, முதன்மை விளைவு, எப்படிப் பிரித்தார்கள், யாருக்கு மறைக்கப்பட்டது, எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் பகுப்பாய்வில், முடிவும் அதன் இடைவெளியும், பாதகங்கள், பதிவு எண், நிதி. ஸ்லைடில் இருப்பதை மட்டும் வைத்து:

> மாத்திரை நேரத்தை நினைவூட்டும் குறுஞ்செய்தி, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களின் அழுத்தத்தைக் குறைக்கிறதா என்பதை அறிய 12 வார, இரு குழு, சமவாய்ப்பு ஆய்வு நடத்தப்பட்டது. பங்கேற்ற 412 பேரில் 206 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு நாளுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. 206 பேர் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றனர். அழுத்தத்தை அளந்தவர்களுக்குக் குழு விவரம் தெரிவிக்கப்படவில்லை. முதன்மை விளைவு, 12-ஆம் வாரத்தில் சிஸ்டாலிக் அழுத்தத்தில் ஏற்பட்ட மாற்றம். ஆய்வை முடித்த 361 பேரில் (187, 174) அழுத்தம் முறையே 9.1, 5.9 மி.மீ. பாதரசம் குறைந்தது, குழுக்களிடை வேறுபாடு −3.2 (95% நம்பிக்கை இடைவெளி −5.8 முதல் −0.6 வரை; p = 0.016). விடுபட்ட மதிப்புகளை நிரப்பி 412 பேரையும் சேர்த்தபோது வேறுபாடு −2.6 (−5.3 முதல் 0.1 வரை). முடித்தவர்களில் மாத்திரை ஒழுங்கைக் கடைப்பிடித்தோர் 62% எதிர் 51%. குறுஞ்செய்தி பெற்று ஆய்வை முடித்தவர்களிடம் அழுத்தம் சற்றுக் கூடுதலாகக் குறைந்தது; விலகியோரையும் சேர்க்கும்போது இம்முடிவு உறுதியாக இல்லை.

250 சொல்லுக்கு வெகு கீழே இருக்கிறது. மிச்ச இடத்தைப் பின்னணியால் நிரப்பாதீர்கள். பட்டியலில் உள்ள பாதகங்கள், பதிவு எண், நிதி போக, இதில் இன்னும் இல்லாதவை இரண்டு: எந்த அளவு எடுத்தால் 'ஒழுங்கைக் கடைப்பிடித்தவர்' என்று கொண்டார்கள், எப்படி அளந்தார்கள் என்பது. மாத்திரை எண்ணியதா, அவரவர் சொன்னதா? அது இல்லாமல் 62% என்ற எண்ணுக்குப் பொருள் முழுமையாகாது. 'செலவு குறைந்த' என்பதை எடுத்துவிட்டேன், செலவை அளந்ததாக எந்த ஸ்லைடிலும் நீங்கள் காட்டவில்லை.

வேகநடை

வரைவு நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆசிரியர் மறைத்து வைத்த ஸ்லைடை நாம் எப்படிப் பிரசுரிக்கலாம்? மாநாட்டில் அவர் அதைக் காட்டவே இல்லை. சுருக்கம் அங்கே பேசியதன் பதிவு. பேசாததைச் சேர்த்தால் அது நம்முடைய ஆய்வாகிவிடும்.

கூர்முனை

நான் மாறாகத்தான் நினைக்கிறேன். சமவாய்ப்பில் பிரித்த ஆய்வில், பிரித்த எல்லோரையும் அவரவர் குழுவிலேயே வைத்துப் பகுப்பதுதான் இயல்பான முதல் பகுப்பாய்வு. முடித்தவர்களை மட்டும் எடுத்தால் சமவாய்ப்பின் பயனே குலைகிறது. 19-ஐ விட்டுவிட்டு 11-ஐ மட்டும் எழுதினால், ஆசிரியருக்கே தெரிந்த ஒரு பலவீனத்தை நாம் சேர்ந்து மறைப்பதாகும். இடைவெளி பூஜ்யத்தைத் தாண்டுகிறது, அதாவது பலனே இல்லாமலும் இருக்கலாம் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும்.

பதிப்புமேசை

வேகநடை கேட்பது நியாயமான கேள்வி, அதை ஒதுக்கிவிட முடியாது. அந்த ஸ்லைடு பழைய வரைவாக இருக்கலாம், கணக்குத் தவறு என்று தெரிந்து மறைத்திருக்கலாம். அதனால் கேட்காமல் சேர்ப்பதும் தவறு, கேட்காமல் விடுவதும் தவறு. ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பொதுவாக 'சரிபார்க்கவும்' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் பதில் வரும். பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள்: ஆய்வுத் திட்டத்தில் முதன்மைப் பகுப்பாய்வு என்று குறித்தது முடித்தவர்களை வைத்தா, எல்லோரையும் வைத்தா? ஸ்லைடு 19-இன் எண்கள் இறுதியானவையா? மாத்திரை ஒழுங்கை எப்படி அளந்தீர்கள்? வயதுவாரிப் பிரிவு முன்பே திட்டமிட்டதா? பதிவு எண் உண்டா? கூடவே வரைவில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது வந்த ஸ்லைடு எண்ணைச் சிவப்பில் குறித்து அனுப்புங்கள். அனுப்பிய பிறகு எடுத்துவிடலாம்.

செவ்வந்தி

இன்றே அனுப்புகிறேன். முதன்மைப் பகுப்பாய்வு முடித்தவர்களை வைத்துத்தான் என்று பதில் வந்தால், 19-ஐச் சேர்க்கச் சொல்லி நான் வற்புறுத்தலாமா? அவர் வேண்டாம் என்றால்?

கூர்முனை

வற்புறுத்துங்கள். வேண்டாம் என்றால் குறைந்தபட்சம் '361 பேரில்' என்ற சொல்லும், இரு குழுவின் விலகல் எண்ணிக்கையும் நிற்க வேண்டும். அதைப் பார்த்தாலே தெரிந்தவர் புரிந்துகொள்வார்.

பதிப்புமேசை

என் கருத்து கொஞ்சம் வேறு. திட்டத்தில் அப்படித்தான் எழுதியிருந்தால் ஆசிரியரின் முடிவை மதிக்கலாம், ஆனால் கடைசி வாக்கியம் 'முடித்தவர்களிடம்' என்ற வரம்போடுதான் அச்சாக வேண்டும். அந்தச் சொல்லையும் எடுக்கச் சொன்னால் தொகுப்பாசிரியர் குழுவிடம் கொண்டுபோங்கள், நீங்கள் தனியாக முடிவெடுக்க வேண்டிய விஷயம் அல்ல அது.

மணற்கடிகை

தனி இழை தொடங்கிவிட்டேன். ஆனால் இதையும் கேட்கிறேன்: என் நேர்காணல் ஆய்வில் 24 பேரிடம் பேசினோம், இருவரின் ஒலிப்பதிவு கெட்டுப்போய் 22 பேரைத்தான் பகுத்தோம். ஸ்லைடில் 24 என்று மட்டும் இருக்கிறது. சுருக்கத்தில் எது?

கூர்முனை

இரண்டும். '24 பேரிடம் நேர்காணல் நடத்தி, 22 பேரின் பதிவுகள் பகுக்கப்பட்டன.' ஸ்லைடையும் திருத்திவிடுங்கள், இல்லையென்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர் எதை நம்புவது என்று கேட்பார்.